சோலார் விளக்கு வாங்கப் போறீங்களா, பேட்டரியில எத்தனை வோல்ட்டுன்னு முதல்ல பாருங்க

எங்க அம்மை இருக்குற வீடு குலசேகரத்துல இருந்து பேச்சிப்பாறை போற ரோட்டுல இருந்து கொஞ்சம் உள்ள தள்ளி இருக்கு, சுத்தி ரப்பர்தான். நான் நாகர்கோவில்ல வேலை பாக்குறேன், சனிக்கிழமை சாயங்காலம் போனா திங்கள் காலைல திரும்புவேன். நம்ம ஜில்லாவுல ஜூன்ல தொடங்குற இடவப்பாதி மழையும் உண்டு, ஐப்பசி மழையும் உண்டு, அதனால ரெண்டு சீசன்லயும் ரப்பர் கொப்பு முறிஞ்சு லைன்ல விழும், கரண்டு போச்சுன்னா எங்க பக்கம் கடைசியாத்தான் வரும். அம்மைக்கு வயசு எழுபது தாண்டியாச்சு, ராத்திரி பாத்ரூமுக்கு முற்றத்துல இறங்கித்தான் போணும், அதனால ஒரு நல்ல வெளக்கு இருந்தே ஆகணும்.

2017 நவம்பர் 30 ஒக்கி அடிச்சப்போ எங்க விளையில மட்டும் நாப்பது மரத்துக்கு மேல சாஞ்சுது, போஸ்ட்டெல்லாம் ஒடிஞ்சு கரண்டு வர பன்னெண்டு நாள் ஆச்சு. அந்த பன்னெண்டு நாளும் மெழுகுதிரிதான். அது முடிஞ்ச கையோட மார்த்தாண்டத்துல போய் ஒரு சோலார் லாந்தர் வாங்கினேன், 1350 ரூபா. நல்ல கனம், கைப்பிடி எல்லாம் உறுதியா இருந்துச்சு, கனமா இருந்தா நல்ல சாமான்னு நான் நெனச்சுக்கிட்டேன். உள்ள இருந்தது 6 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி, அதாவது பைக்ல இருக்குற பேட்டரியோட சின்ன தம்பி மாதிரி, சீல் பண்ணின டைப்பு.

முதல் மூணு மாசம் தினமும் ராத்திரி எரிச்சாங்க, நல்லா எரிஞ்சுது. அப்புறம் வேனல்ல கரண்டு ஒழுங்கா இருந்ததால அம்மை அதை துடைச்சு துணி சுத்தி பரண்ல எடுத்து வச்சுட்டாங்க, சாமான் கெட்டுப் போகக்கூடாதுன்னு. ஜூன் மாசம் மழையில கரண்டு போனப்போ எடுத்தா இருபது நிமிசம்கூட நிக்கல. ரெண்டு நாள் வெயில்ல வச்சும் அதே கதைதான். கடையில கொண்டு போனா அவரு பெட்டியைத் திருப்பிக் காட்டுறாரு, மேல பெருசா ஒரு வருஷம் வாரண்டின்னு போட்டிருக்கு, கீழ பொடி எழுத்துல பேட்டரிக்கு ஆறு மாசம்னு போட்டிருக்கு. வாங்கி ஆறு மாசம் பத்து நாள் ஆகியிருந்துச்சு.

எனக்கு அப்போ கடைக்காரர் மேலதான் கோவம். பிறகு எனக்கு தெரிஞ்ச ஒரு ரிப்பேர் அண்ணன், மிக்சி இன்வெர்ட்டர் எல்லாம் பாக்குறவரு, அவருதான் என்ன நடந்துச்சுன்னு சொன்னாரு. லெட் ஆசிட் பேட்டரி சும்மா இருந்தாலும் மாசா மாசம் கொஞ்சம் சார்ஜ் தானா இறங்கும், சூடு கூடுனா இன்னும் வேகமா இறங்கும், ஓட்டுக்கு கீழ பரண்ல வேனல் காலத்து சூட்டைச் சொல்லணுமா. சார்ஜ் இறங்கின நிலையில அப்படியே கெடந்தா உள்ள இருக்குற ஈயத்தகட்டுல வெள்ளையா உப்பு மாதிரி ஒண்ணு படிஞ்சு இறுகிப் போவும், அதுக்கப்புறம் எத்தனை வெயில்ல வச்சாலும் சார்ஜ் ஏறாது. ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவையாவது எடுத்து வெயில்ல வச்சு ஃபுல் பண்ணியிருந்தா அந்த பேட்டரி ரெண்டு வருஷமாவது ஓடியிருக்கும்னு சொன்னாரு. கடையில ஒருத்தரும் அதை சொல்லல, பெட்டியிலயும் இல்ல. ஆக தினமும் எரிச்சு தினமும் சார்ஜ் பண்ணுற எடத்துல லெட் ஆசிட் ஒரு அளவுக்கு ஓடும், எப்பவாவது எடுக்குற வெளக்குக்கு அது ஒத்து வராது. நம்ம ஊரு வீடுகள்ல சோலார் லாந்தர் பெரும்பாலும் எப்பவாவது எடுக்குற வெளக்குதானே.

ரெண்டாவது வெளக்கு எங்க அத்தான் வாங்கினது. அவருக்கு ரப்பர் பால் வெட்டுற வேலை, விடியக்காலம் மூணு மணிக்கெல்லாம் தோட்டத்துல இறங்கணும். சந்தையில 450 ரூபாய்க்கு வாங்கினாரு, தலையில பேனல் ஒட்டியே வர்ற டைப்பு, தூக்கினா பஞ்சு மாதிரி. உள்ள லித்தியம் பேட்டரி, 18650ன்னு சொல்லுற விரல் பருமன் செல் ஒண்ணு, அது மேல 9900 எம்ஏஎச்னு அச்சடிச்சிருந்துச்சு, எவ்வளவு சார்ஜ் பிடிக்கும்ங்கிற அளவுதான் அது. இந்த ஒரு விஷயத்தை நல்லா மனசுல வச்சுக்கோங்க, அந்த சைஸ் செல்லுல உலகத்துல எந்த நல்ல கம்பெனி செஞ்சாலும் 3500 பக்கத்துலதான் நிக்கும், அதைவிட ரொம்ப கூட எழுதியிருந்தா அது பொய். சாதாரணமா கிடைக்குற நல்ல செல்லு 2000ல இருந்து 2600 வரை இருக்கும். நல்ல செல் ஒண்ணு 45 கிராம் பக்கம் இருக்கும், அத்தானோடத கழட்டி மளிகைக் கடைத் தராசுல வச்சப்போ 30 கூட இல்ல.

அது நாலு மாசம்தான் ஓடிச்சு. செல்லு மட்டம்ங்கிறது ஒரு காரணம், பேனல் தலையில ஒட்டியிருக்குறது இன்னொரு காரணம். சார்ஜ் ஆகணும்னா வெளக்கையே கொண்டு போய் வெயில்ல வைக்கணும், பேட்டரியும் சேர்ந்து வேகும். லித்தியம் அயான் பேட்டரியை 45 டிகிரிக்கு மேல சார்ஜ் பண்ணவே கூடாது, மத்தியான வெயில்ல கறுப்பு பிளாஸ்டிக் கூட்டுக்குள்ள அதெல்லாம் எப்பவோ தாண்டியிருக்கும். இதுபோக அத்தான் அதை ரப்பர் ஷீட் போடுற புகைப்புரைக்குள்ளயும் தொங்க விட்டிருக்காரு, அங்க உள்ள சூடு என்னன்னு உள்ள போய் வந்தவங்களுக்கு தெரியும். பில் கிடையாது, வாரண்டி கார்டு கிடையாது, திரும்ப சந்தைக்குப் போனா அந்த ஆளும் இல்ல.

இதுக்கப்புறம்தான் நான் இதை கொஞ்சம் படிச்சேன், ரிப்பேர் அண்ணன் கடையில ஞாயித்துக்கிழமை போய் உக்காந்து பாத்தேன். கடைசியா ஒரு சின்ன வழி பிடிபட்டுச்சு, இதை யாரும் செய்யலாம், கரண்டு வேலை தெரிஞ்சிருக்கணும்னு இல்ல. பெட்டியில “லித்தியம்”னு மட்டும் எழுதியிருந்தா அதை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, ஏன்னா லித்தியத்துலயே ரெண்டு சாதி இருக்கு. பேட்டரியோட வோல்ட்டைப் பாருங்க. 3.7 இல்லாட்டி அதோட பெருக்கம் 7.4, 11.1னு இருந்தா அது செல்போன்லயும் லேப்டாப்லயும் வர்ற சாதாரண லித்தியம் அயான். 3.2, 6.4, 12.8னு இருந்தா அது லித்தியம் அயர்ன் பாஸ்பேட், பெட்டியில LiFePO4ன்னு போட்டிருக்கும். வெறும் 6, 12ன்னா பெரும்பாலும் லெட் ஆசிட். 1.2ன்னா நிக்கல் சாதி, ரிமோட்டுல போடுற செல் சைஸ்ல சின்ன கார்டன் லைட்டுல வரும், அது வீட்டு வெளக்குக்கு காணாது.

எங்க வீட்டுக்கு நான் தேடினது அந்த 3.2. அது சூட்டை மத்ததைவிட நல்லா தாங்கும், தீப்பிடிக்குற பயம் ரொம்ப கம்மி, சும்மா வச்சாலும் சார்ஜ் அவ்வளவா இறங்காது, நல்ல செல்லா இருந்தா 1500 தடவைக்கு மேல இறக்கி ஏத்தலாம். சாதாரண லித்தியம் அயான் 300ல இருந்து 500 தடவை, லெட் ஆசிட்டை முழுசா இறக்கினா 200, 300 தடவைக்குள்ள முடிஞ்சிரும். தினமும் ஒரு தடவைன்னு வச்சா 300ங்கிறது ஒரு வருஷம்கூட இல்ல, இதை மனசுல வச்சுக்கிட்டு வாரண்டி கார்டைப் படிச்சா கம்பெனிக்காரன் ஏன் பேட்டரிக்கு மட்டும் ஆறு மாசம்னு தனியா எழுதுறான்னு தானா புரியும். தன்னோட பேட்டரி எத்தனை நாள் நிக்கும்னு அவனுக்கு நல்லா தெரியும், அதைத்தான் அந்த பொடி எழுத்துல எழுதுறான்.

2022 ஜனவரியில நாகர்கோவில்ல ஒரு கடையில கிட் ஒண்ணு வாங்கினேன், 3800 ரூபா ஆச்சு. ஒரு சின்ன பெட்டி, அதுல 3.2 வோல்ட் 6 ஆம்பியர் ஹவர் செல், டார்ச்சுல போடுற பெரிய கட்டை மாதிரி தடியா இருக்கும், ரெண்டு வாட் பல்பு ரெண்டு, நீள வயரோட, 6 வாட் பேனல் தனியா அஞ்சு மீட்டர் வயரோட, மொபைல் சார்ஜ் பண்ண ஒரு ஓட்டை. பேனல் தனியா இருந்தா பேட்டரி வீட்டுக்குள்ள நிழல்ல இருக்கும், அதுக்காகவே அதை எடுத்தேன். கடைக்காரர்கிட்ட மூணு விஷயம் கேட்டு கார்டுல எழுதி வாங்கினேன். வாரண்டி ரெண்டு வருஷம்னா பேட்டரிக்கும் அதே ரெண்டு வருஷம்தானா, கணக்கு பில் தேதியில இருந்தா இல்ல கம்பெனியில செஞ்ச தேதியில இருந்தா, கெட்டுப் போனா நான் இங்கயே கொண்டு வந்து தந்தா போதுமா இல்ல நானே கோயம்புத்தூருக்கோ சென்னைக்கோ பார்சல் போடணுமா. பேட்டரிக்கும் ரெண்டு வருஷம், பில் தேதியில இருந்து, கடையில தந்தா போதும்னு எழுதி சீல் போட்டு தந்தாரு. முதல்ல போன இன்னொரு கடையில இதே கேள்விக்கு “அண்ணே அதெல்லாம் பாத்துக்கலாம், ஒண்ணும் ஆகாது”ன்னாங்க, அங்க வாங்கல.

இன்னொண்ணு, பேனலுக்கு 25 வருஷம் வாரண்டின்னு பெருசா போட்டு விக்குறதைப் பாத்து ஏமாறாதீங்க. பேனல் சாதாரணமா கெடுறதே இல்ல, கெடுறது பேட்டரியும் உள்ள இருக்குற போர்டும் வயர் மாட்டுற பின்னும்தான், அதுக்கு என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. இந்த மாதிரி கிட்டுகளை சோதிச்சு தரம் பாக்குற வெராசோல்னு ஒரு திட்டம் இருக்கு, உலக வங்கி குழுமம் ஆரம்பிச்ச லைட்டிங் குளோபலோட தரச் சோதனையில இருந்து வந்தது. அவங்க கணக்குல 10 வாட் பேனல் வரைக்கும் உள்ள சின்ன வெளக்குக்கு பேட்டரியும் சேர்த்து குறைஞ்சது ஒரு வருஷம், அதுக்கு மேல உள்ள வீட்டு கிட்டுக்கு ரெண்டு வருஷம் வாரண்டி தரணும். அதனால பேட்டரிக்கு ஆறு மாசம்னு எழுதினதை நான் இப்போ கையிலயே எடுக்குறதில்ல.

அப்புறம் அந்த கிட்டுல எத்தனை மணி நேரம் எரியும்ங்கிறதை பெட்டியில போட்டதை நம்பாம நானே கணக்கு போட்டேன். 3.2ஐ 6ஆல பெருக்கினா 19 வாட் ஹவர், அதாவது ஒரு வாட் பல்பு 19 மணி நேரம் எரியுற அளவு, அதுல தைரியமா 16 எடுக்கலாம். அடுக்களை பல்பு மூணு மணி நேரம், திண்ணை பல்பு ரெண்டு மணி நேரம், ரெண்டும் சேர்ந்து 10. மீதி 6தான். ஒரு மொபைலை முழுசா சார்ஜ் பண்ணினா 15க்கு மேல இழுக்கும், அதாவது மருமகன் வந்து போனை மாட்டினா அன்னைக்கு ராத்திரி அம்மைக்கு வெளக்கு இல்ல. இதை அக்காகிட்டயும் அவ பயகிட்டயும் சொல்லி, மழைக்காலத்துல அந்த ஓட்டையில செலோடேப் ஒட்டி வச்சேன். வெயில் நல்லா இருந்தா 6 வாட் பேனல் ஒரு நாளைக்கு எல்லா நஷ்டமும் போக 16, 17 தரும், மூடாப்பா இருந்தா அதுல மூணுல ஒண்ணு தந்தாலே பெருசு.

இதெல்லாம் பாத்து வாங்கியும் ஏப்ரல் மாசம் அம்மை போன் பண்ணி “மக்களே, வெளக்கு எட்டு மணிக்கே மங்கிப் போவுது”ன்னாங்க. மூணு மாசம்தான் ஆகியிருக்கு, எனக்கு வயிறு கலங்கிப் போச்சு. பில்லையும் கிட்டையும் எடுத்துக்கிட்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் நிதானமா, “இதை இங்க விட்டுட்டுப் போங்க, ரெண்டு நாள் எங்க மாடியில சார்ஜ் பண்ணி எரிச்சுப் பாக்குறேன்”ன்னாரு. ரெண்டு நாள் கழிச்சு போனா ரெண்டு பல்பும் சேர்ந்து நாலு மணி நேரம் நின்னிருக்கு, ரெண்டும் சேர்ந்தா 4 வாட்டு, ஆக 16 வாட் ஹவர், நான் போட்ட கணக்கு அப்படியே வந்துச்சு. பேட்டரிக்கு ஒண்ணும் இல்ல.

பிறகு வீட்டுக்குப் போய் நின்னு மேல பாத்தப்பதான் தெரிஞ்சுது. நான் பேனல் மாட்டினது ஜனவரியில, ரப்பர் அப்போ இலை உதிர்ந்து மொட்டையா நிக்கும், கூரை முழுக்க வெயில். மார்ச்ல தளிர் விட்டு ஏப்ரல்ல மரம் முழுக்க இலை, பேனல் பத்து மணி வரைக்கும் நிழல்ல, மூணு மணிக்கு மேலயும் நிழல்ல. இதுல ஏமாத்துற விஷயம் என்னன்னா மீட்டர் வச்சு வோல்ட் பாத்தா நிழல்லயும் கிட்டத்தட்ட சரியாத்தான் காட்டும். ஆம்பியர் பாக்கணும். பேனல் வயரைப் பெட்டியில இருந்து கழட்டி, மீட்டர் பின்னை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாத்தி, ரெண்டு முனையிலயும் வச்சுப் பாத்தா நல்ல வெயில்ல இந்த சின்ன பேனல் ஒரு ஆம்பியர் பக்கம் காட்டணும். எங்க கூரையில 0.2 காட்டிச்சு. இதை சின்ன சோலார் பேனல்ல மட்டும் செய்யுங்க, பேட்டரி முனையில தப்பித் தவறியும் அப்படி வைக்காதீங்க, மீட்டரும் போவும் கையும் போவும். பேனலை கிணத்து பக்கம் துணி காயப்போடுற எடத்துல ஒரு இரும்பு பைப் நட்டு மாத்தி மாட்டினேன், கூட ஆறு மீட்டர் வயர் தடிச்சதா வாங்கி சேர்த்தேன், மெல்லிய வயர்ல அவ்வளவு தூரம் இழுத்தா வழியிலயே சார்ஜ் குறையும். அதோட சரியாச்சு. வெளக்கு மங்கினா பேட்டரி போச்சுன்னு உடனே முடிவு கட்டாம, வேற நல்ல வெயில் விழுற எடத்துல ரெண்டு நாள் சார்ஜ் பண்ணி எத்தனை மணி நேரம் நிக்குதுன்னு கடிகாரம் பாத்து எழுதுங்க. முழு நேரம் நின்னா தப்பு பேனல் பக்கம், நிக்கலன்னா பேட்டரி பக்கம்.

நிஜமாவே பேட்டரி போனது 2023 ஜூன்ல, வாங்கி பதினேழாவது மாசம். இந்த தடவை நானே கடிகாரம் வச்சுப் பாத்தேன், நல்ல வெயில்ல ரெண்டு நாள் ஏத்தியும் ஒரு பல்பு ஒண்ணரை மணி நேரம்தான். முன்னால ஒரு பல்பு எட்டு மணி நேரம் நிக்கும். எங்க பக்கத்து வீட்டு மாமியும் என்கிட்ட கேட்டு இதே கிட்டுதான் வாங்கியிருந்தாங்க, அவங்களுக்கும் அதே சமயத்துல அதே தகராறு, ஒரே லாட்டா இருக்கணும். நான் கடைக்கு கொண்டு போனேன். மாமியோட பேரன் பக்கத்துல ஒரு செல்போன் கடையில தந்து பேட்டரி மாத்தி 300 ரூபாய்க்கு அன்னைக்கே கொண்டு வந்துட்டான்.

அவன் மாத்தினது 3.7 வோல்ட் செல். பாக்க எல்லாம் சரி, வெளக்கும் எரியுது, ஆனா முக்கால் மணி நேரத்துல அணைஞ்சிரும். காரணம் இதுதான். 3.2 செல்லுக்கு செஞ்ச சார்ஜர் 3.6 பக்கம் வந்ததும் போதும்னு நிறுத்திரும், 3.7 செல்லு நிறையணும்னா 4.2 வரைக்கும் ஏறணும், ஆக புது செல்லுல கால்வாசிகூட நிறையாது. இறங்குறப்பவும் அந்த போர்டு 3.2 செல்லுக்கு ஏத்த மாதிரி ரொம்ப கீழ வரைக்கும் விட்டுரும், அது 3.7 செல்லுக்கு ஆகாது, சீக்கிரம் கெடும். இதையே தலைகீழா பண்ணினா இன்னும் மோசம், 3.7க்கு உள்ள வெளக்குல 3.2 செல் போட்டா 4.2 வரைக்கும் திணிச்சு செல்லு வீங்கும். மாமியோட கிட்டை அடுத்த வாரம் நான் கடைக்குக் கொண்டு போனப்போ ஸ்க்ரூ மேல ஒட்டியிருந்த சீல் கிழிஞ்சிருக்குன்னு வாரண்டி இல்லன்னுட்டாங்க. ஏழு மாசம் வாரண்டி பாக்கி இருந்துச்சு. எனக்கு அது இன்னும் மனசுல உறுத்துது, அவங்க வாங்கினப்பவே ஸ்க்ரூவைத் தொடாதீங்கன்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கணும்.

எங்களோடதுக்கு பில்லையும் பெட்டிக்கு அடியில உள்ள சீரியல் நம்பரையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாங்க, பதினோரு நாள்ல புது செல் போட்டு வந்துச்சு, காசு வாங்கல. புது செல்லுக்கு திரும்ப ரெண்டு வருஷம் கிடையாது, பழைய பில் தேதிப்படி மீதி உள்ள மாசம்தான், இது பெரும்பாலும் எல்லா கார்டுலயும் அப்படித்தான் இருக்கும். பில்லு இந்த வெப்பப் பேப்பர்ல வந்தா ஒரு வருஷத்துல எழுத்து அழிஞ்சிரும், வாங்கின அன்னைக்கே போட்டோ எடுங்க. பில்லும் கார்டும் சரியா இருந்தும் கடையில இழுத்தடிச்சா 1915ன்னு நுகர்வோர் ஹெல்ப்லைன் இருக்கு, தமிழ்லயே பேசலாம்.

மாமிக்கு பிறகு ரிப்பேர் அண்ணன்தான் 3.2 வோல்ட் 6 ஆம்பியர் செல் வரவழைச்சு பழைய போர்டுலயே வச்சு சால்டர் பண்ணித் தந்தாரு, செல்லு 350, கூலி நூறு. முதல்ல போட்ட முன்னூறும் சேர்த்தா 750 ஆச்சு, ஆனா இப்போ அஞ்சு மணி நேரத்துக்கு மேல நிக்குது. பேட்டரி மாத்தின தேதியையும் வோல்ட்டையும் மார்க்கர்ல பெட்டிக்கு அடியில எழுதி ஒட்டியிருக்கேன், அடுத்த தடவை எந்த பய எந்த கடைக்கு எடுத்துட்டுப் போனாலும் அங்க உள்ளவங்க கண்ணுல 3.2ன்னு முதல்ல படணும்.